கார் இருக்கையிலும் தள்ளுவண்டியிலும் உறங்கும் பச்சிளங்குழந்தை: வசதி எதுவரை, ஆபத்து எங்கே?

புதுதில்லி: காரில் ஏறிய சில நிமிடங்களில் பச்சிளங்குழந்தைகள் உறங்கிவிடுவது பெற்றோர் பலரும் அறிந்ததே. வீடு வந்து சேர்ந்ததும், உறக்கம் கலைந்துவிடக் கூடாது என்று குழந்தையைக் கார் இருக்கையோடு தூக்கிவந்து அறையில் அப்படியே வைத்துவிடுவதும் வழக்கமாகி வருகிறது. பயணத்தின்போது உயிர்காக்கும் அதே இருக்கை, காருக்கு வெளியே படுக்கையாக மாறும்போது மூச்சுத்திணறலுக்கு வழிவகுக்கக்கூடும் என்று குழந்தை நல மருத்துவ வல்லுநர்கள் எச்சரிக்கின்றனர்.

காரணம் குழந்தையின் உடலமைப்பில் உள்ளது. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிடுகையில் பெரியது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. சாய்ந்து அமர்ந்த நிலையில் உறங்கும்போது தலை முன்னோக்கிச் சரிந்து, தாடை மார்பைத் தொடுகிறது. மூச்சுக்குழாய் குறுகலாகவும் மென்மையாகவும் இருப்பதால், வளைந்த குழாயில் நீர் தடைபடுவதைப் போலக் காற்றின் வழி அடைபடுகிறது. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. தலையைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் வலு இல்லாத இக்குழந்தை, பெரும்பாலும் அழுது எச்சரிப்பதும் இல்லை. ஓசையின்றி நிகழ்வதே இதன் மிகப்பெரிய அபாயமாகும்.

ஆய்வு கூறுவது என்ன?

அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை உறக்கத்துடன் தொடர்புடைய 11,779 குழந்தை இறப்புகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2019ஆம் ஆண்டு வெளியானது. அவற்றுள் 348 இறப்புகள், அதாவது 3 சதவீதம், அமரும் சாதனங்களில் நிகழ்ந்தவை. இவற்றில் ஏறத்தாழ 63 சதவீதம் கார் இருக்கைகளில் ஏற்பட்டன. ஆனால் கார் இருக்கையில் இறந்த குழந்தைகளில், அந்த இருக்கை உரிய முறையில் பயன்படுத்தப்பட்டிருந்தது 10 சதவீதத்துக்கும் குறைவானோர் விஷயத்தில்தான். அமரும் சாதனங்களில் நிகழ்ந்த இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை குழந்தையின் வீட்டிலேயே ஏற்பட்டன.

ஆகவே, ஆபத்தின் பெரும்பகுதி பயணத்தில் இல்லை. பயணம் முடிந்த பிறகும் இருக்கையைப் படுக்கையாகத் தொடர்வதில்தான் உள்ளது. காரில் சரியாகப் பொருத்தப்பட்ட பின்னோக்கிய இருக்கை, ஏறத்தாழ 45 டிகிரி வரை சாய்ந்திருக்குமாறு அமைக்கப்படுகிறது. அதைத் தரையிலோ சோபாவிலோ கட்டிலிலோ வைக்கும்போது அந்தக் கோணம் மாறிவிடுகிறது. மென்மையான பரப்பில் வைத்தால் இருக்கை கவிழவும் கூடும். குழந்தைக்கு வசதியாக இருக்கட்டும் என்று பட்டைகளைத் தளர்த்தினால், குழந்தை கீழ்நோக்கி வழுக்கி, பட்டை கழுத்தில் சிக்கும் அபாயமும் சேர்கிறது.

அமரும் சாதனங்களை வழக்கமான உறக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும், குறிப்பாக 4 மாதத்துக்குக் குறைவான குழந்தைகள் விஷயத்தில் இதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. பயணத்தில் குழந்தை உறங்கிவிட்டால், வாய்ப்புக் கிடைத்தவுடன் சமமான, உறுதியான பரப்பில் மல்லாந்து படுக்க வைக்க வேண்டும்.

மடியில் வைப்பது தீர்வல்ல

இந்த எச்சரிக்கையைக் கேட்டு, ஓடும் காரில் குழந்தையை மடியில் படுக்க வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. திடீரெனப் பிரேக் போடும்போது கைகளால் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்டோர் இருக்கைப் பட்டை அல்லது குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை இன்றி அழைத்துச் செல்லப்பட்டால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படும். எனவே, காரில் இருக்கை கட்டாயம். காரை விட்டு இறங்கியதும் படுக்கை கட்டாயம்.

ஒரு பயணத்தின் திட்டம்

மும்பையிலிருந்து புணே செல்லும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தொலைவு சுமார் 150 கிலோமீட்டர். நெரிசலைப் பொறுத்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். குழந்தைக்கு இரண்டு மாதம்.

புறப்படுவதற்கு முன், கனமான சுற்றுத்துணியையும் ஸ்வெட்டரையும் அகற்றிவிட வேண்டும்; அவை பட்டைக்கும் உடலுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்கும். தோள்பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழாகவோ தொடங்க வேண்டும். பூட்டிய பின் தோளருகே பட்டையை விரல்களால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு விழக் கூடாது. குளிர்ந்தால் போர்வையைப் பட்டைக்கு மேலே போர்த்தலாம். தலைக்குக் கடுகுத் தலையணையோ, இருக்கையுடன் வராத வேறு எந்த மெத்தையோ வைக்கலாகாது. அது தலையை முன்னோக்கித் தள்ளும்.

பெரியவர் ஒருவர் பின்னிருக்கையில் குழந்தையின் அருகே அமர வேண்டும். குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் வைக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. முதல் சில வாரங்களில் இந்த நேரம் இன்னும் குறுகியதாக இருப்பது நல்லது. எனவே இக்குடும்பம் சுமார் ஒரு மணி நேரத்தில் விரைவுச்சாலை உணவகம் ஒன்றில் நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துப் பாலூட்டி, சற்று நேரம் சமமாகப் படுக்க வைத்து, பிறகு புறப்படலாம். மலைப்பாதையைக் கடந்த பின் மற்றொரு நிறுத்தம் போதுமானது. புணே வந்து சேர்ந்ததும், உறக்கம் கலைந்தாலும் பரவாயில்லை என்று குழந்தையைப் படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும்.

தாடை மார்பில் படிதல், முனகல் அல்லது குறட்டை போன்ற மூச்சொலி, உதடு நீலமாதல், வழக்கத்துக்கு மாறான துவளல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றில் எது தென்பட்டாலும் வாகனத்தைப் பாதுகாப்பாக நிறுத்தி, குழந்தையை உடனே வெளியே எடுத்துச் சமமாகப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு சீராகாவிட்டால் 108 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும்.

குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதனால் அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில், 37 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புமுன் கார் இருக்கையில் அமரவைத்து, மூச்சு, இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் கண்காணிக்கின்றனர். இந்தியப் பெற்றோரும் நீண்ட பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

தள்ளுவண்டியில்

தள்ளுவண்டிக்கும் இதே விதி பொருந்தும். முதுகுப்பகுதி முழுவதும் கிடைமட்டமாகப் படியும் வண்டியில், பெரியவர் பார்வையில், பட்டை பூட்டிய நிலையில் உறங்குவது குறுகிய நேரத்துக்கு ஏற்றது. கார் இருக்கையைக் கழற்றி மாட்டும் வண்டியில், அது இன்னும் கார் இருக்கையே என்பதை மறக்கலாகாது. கடைத்தெருவில் செலவிடும் நேரத்தையும் பயண நேரத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வெயிலுக்காக வண்டியின் மேல் துணியைப் போர்த்துவது மற்றொரு தவறு. உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணியும்கூட வண்டிக்குள் வெப்பநிலையை 2 டிகிரி செல்சியசுக்கும் மேலாக உயர்த்துவதாக ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். துணி காற்றோட்டத்தைத் தடுப்பதுடன், குழந்தையின் முகத்தையும் மறைத்துவிடுகிறது. வண்டியின் விதானத்தை இழுத்துவிட்டு, பக்கங்களைத் திறந்துவைத்து, நிழலில் செல்வதே பாதுகாப்பானது. குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்தோ சூடாகவோ இருந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.