ஆர்டரை உறுதி செய்யும் கடிதம்

திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு யூனிட், ராஜபாளையத்தில் உள்ள நூற்பாலையிடம் நூல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனில் பேசி முடித்தாயிற்று: 30-ஆம் நம்பர் கோம்டு ஹொசைரி நூல், இரண்டு டன், கிலோ 280 ரூபாய், 12-ஆம் தேதி, 30 நாள் கடன். மில்காரரும் “சரிங்க, போட்டு விட்டுடறோம்” என்றார். அளவு, விலை, தேதி, கடன் என்று நான்கு எண்களும் வந்துவிட்டதால் இரண்டு பக்கமும் நிம்மதி. ஆனால் ஒவ்வொரு எண்ணும் எதிலிருந்து தொடங்குகிறது, எதோடு முடிகிறது என்பதை யாரும் பேசவில்லை. பர்சேஸ் ஆர்டரை உறுதி செய்யும் கடிதத்தின் வேலையே அதுதான்.

முதலில் அளவு. மில் 60 கிலோ மூட்டையாக அனுப்புகிறது என்றால் 2,000 கிலோ என்ற கணக்கே நிற்காது. 33 மூட்டை 1,980 கிலோ, 34 மூட்டை 2,040 கிலோ. இரண்டுக்கும் நடுவே 16,800 ரூபாய் வித்தியாசம். சொன்னதைவிடக் குறைவாக வந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பவும், கூடுதலாக வந்தால் கூடியதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவருக்கு உரிமை தருகிறது. வாங்கி வைத்துக்கொண்டால் பேசிய விலையைத்தான் தர வேண்டும். மூட்டை எண்ணிக்கையையும் மொத்த எடையையும் சேர்த்தே எழுதிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. அதோடு “ஒரே லாட்” என்ற இரண்டு சொல்லும் வேண்டும். வெவ்வேறு லாட் நூல் ஒரே துணியில் கலந்தால் சாயம் ஏறிய பிறகுதான் வரி வரியாகத் தெரியும். அதற்குள் நூலுக்கு மேல் நிட்டிங் கூலியும் சாயக் கூலியும் ஏறியிருக்கும்.

விலையில் சிக்குவது வரியும் லாரி வாடகையும். பருத்தி நூலுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 34 மூட்டைக்கு 5,71,200 ரூபாய். வரி தனி என்றால் இன்னும் 28,560 சேர்ந்து 5,99,760 ஆகும். இந்த வரி பின்னால் கணக்கில் கழியும், உண்மைதான். ஆனால் கையிலிருந்து முதலில் போவது முழுத்தொகை. லாரி வாடகை யார் தலையில் என்பதை ஒரே வரியில் எழுதிவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்து பெரிய சண்டைகள் வருவது தேதியில்தான். 12-ஆம் தேதி என்றால் மில்லில் லாரி ஏறும் நாளா, நம் யூனிட்டில் இறங்கும் நாளா? வேறு விதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால், லாரிக்காரரிடம் கொடுத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். 12-ஆம் தேதி சாயங்காலம் ஏற்றிய மில்காரர் சொன்ன சொல் தவறவில்லை. 12-ஆம் தேதி காலை மிஷினைக் காலியாக வைத்துக் காத்திருந்தவருக்கு ஒரு நாள் போனது போனதுதான்.

கடன் நாளும் அப்படித்தான். 30 நாள் என்பது பில் போட்ட நாளிலிருந்தா, சரக்கு இறங்கிய நாளிலிருந்தா என்று எழுத வேண்டும். மில் குறு அல்லது சிறு தொழிலாகப் பதிவு பெற்றிருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். எழுத்தில் எத்தனை நாள் போட்டாலும் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தே இல்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கடிதம் எழுதாமல் விடுவது கடன் வாங்குபவருக்கே நஷ்டம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இவ்வளவும் ஐந்தாறு வரியில் அடங்கிவிடும்:

“உங்கள் 3-ஆம் தேதி விலைப்புள்ளியின்படி இந்த ஆர்டரை உறுதி செய்கிறோம். 30-ஆம் நம்பர் கோம்டு ஹொசைரி நூல், ஒரே லாட், 60 கிலோ மூட்டை 34, மொத்தம் 2,040 கிலோ. விலை கிலோவுக்கு 280 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, எங்கள் யூனிட் வரை லாரி வாடகை உங்களுடையது. சரக்கு 12-ஆம் தேதி காலை 9 மணிக்குள் எங்கள் யூனிட்டில் இறங்க வேண்டும். இறங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் வங்கி வழியாகப் பணம் அனுப்புவோம். இதே விவரங்களைக் குறிப்பிட்டு உங்கள் சம்மதத்தை எழுத்தில் அனுப்பவும்.”

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. பதிலில் மில்காரர் “14-ஆம் தேதி தருகிறோம், மற்றதெல்லாம் சம்மதம்” என்று எழுதினால் அது சம்மதம் ஆகாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி நிபந்தனை எதுவும் மாறாமல் ஏற்றால்தான் சம்மதம்; மாற்றி எழுதினால் அது அவர் நமக்கு வைக்கும் புதுக் கோரிக்கை. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்து, 14-ஆம் தேதி வந்த சரக்கையும் இறக்கிக்கொண்டால், அவர் தேதியை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒத்துவரவில்லை என்றால் லாரி கிளம்பும் முன்பே, அன்றைக்கே, பதில் போட்டுவிட வேண்டும்.