இரண்டாவது வெட்டு எங்கே?

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு மண்ணுக்கடியில் போகும் ஒரு ஃபைபர் கேபிள் நள்ளிரவு தாண்டி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருவொற்றியூர் பக்கம் பள்ளம் தோண்டி, அறுந்த இழைகளை ஒட்டியும் முடித்தாயிற்று. ஆனாலும் திரையில் `LOS` போகவில்லை. வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அதற்குப் பொருள். பொழுது விடிந்ததும் இரவு ஷிஃப்ட் பொறியாளர் கிளம்பிவிடுவார். அடுத்து வருபவருக்கு அவர் எழுதிவைக்கும் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

"கேபிள் கட், வேலை நடக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதை வைத்துக்கொண்டு பகல் ஷிஃப்ட்காரர் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியவை எண்கள். அவற்றைத் தருவது ஓடிடிஆர் என்ற கைப்பெட்டி.

இழையின் ஒரு முனையில் இதைச் செருகினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிறு சிறு துடிப்புகளாக உள்ளே அனுப்பும். போகிற வழியெல்லாம் கண்ணாடி அந்த ஒளியில் துளியளவைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலியை வைத்து ஆழம் கணிப்பதைப் போல, திரும்பி வர எடுத்த நேரத்தைத் தூரமாக மாற்றிப் பெட்டி ஒரு கோடு வரையும். கோடு மெல்லச் சரிந்துகொண்டே போகும். ஒட்டுப் போட்ட இடத்தில் சின்னப் படி தெரியும். அறுந்த இடத்தில் பொத்தென்று விழும். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். 5.84 கி.மீ. தொலைவில் அறுந்திருந்தால் ஒளி போய்த் திரும்ப 58 மைக்ரோவிநாடி ஆகும்.

அந்த 5.84-ஐ அப்படியே சாலையில் அளந்து தோண்டினால் பள்ளம் வேறு இடத்தில் விழும். கேபிளுக்குள் இழை முறுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சில மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எனவே ராயபுரத்திலிருந்து அளக்கக் கூடாது. கோட்டில் தெரியும் கடைசி ஜாயின்ட் 5.61 கி.மீ.யில் இருக்கிறது, அது எந்தச் சேம்பர் என்பதும் தெரியும் என்றால், அங்கிருந்து 230 மீட்டர் அளந்தால் போதும். பெட்டியில் வைத்த ஒளிவிலகல் எண்ணையும் குறிப்பில் எழுத வேண்டும். 1.4680 வைக்க வேண்டிய இடத்தில் 1.4600 வைத்தால் இந்தத் தூரத்துக்கே 30 மீட்டர் தள்ளிப்போகும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 30 மீட்டர் தள்ளி ஒரு வீண் பள்ளம் என்றால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, ஒட்டிய பிறகும் ஏன் வெளிச்சம் வரவில்லை? விடை எண்ணூர் முனையில் எடுத்த அளவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கோடு 7.26 கி.மீ.யில் விழுகிறது. இரண்டையும் கூட்டினால் 13.10. பழைய பதிவேட்டில் கேபிளின் முழு நீளம் 14.20. ஒரே இடத்தில் அறுந்திருந்தால் கணக்கு நேராக வந்திருக்கும். 1.10 கி.மீ. உதைக்கிறது என்றால் அறுந்தது இரண்டு இடம். ஒட்டுவதற்கு முன் இடையில் கிடந்த துண்டை எந்த முனையிலிருந்தும் பார்க்க முடியாது. இரண்டாவது வெட்டு ராயபுரத்திலிருந்து 6.94-இல் இருக்க வேண்டும்.

இது அபூர்வமல்ல. ஜேசிபியின் வாளி கேபிளைக் கொக்கிபோட்டு இழுத்தால், தோண்டிய இடத்தில் மட்டுமல்லாமல் அடுத்த ஜாயின்ட்டுக்குள்ளும் இழை பிய்ந்துவிடும். சாலை நெடுகத் தோண்டும் வேலை நடந்தால் ஒரே கேபிள் பல இடத்தில் அடிபடும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ 2021 பிப்ரவரி 14-இல் திறக்கப்படும்வரை இந்தப் பகுதி பல ஆண்டுகள் தோண்டலைப் பார்த்தது. மேலே தொங்கும் கேபிள்களுக்குப் புயல்தான் எதிரி. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது தொலைத்தொடர்பு பல இடங்களில் துண்டுபட்டது.

ஆக, நல்ல குறிப்பு அளந்ததையும் ஊகித்ததையும் கலக்காது. "5.84, 7.26: அளந்தது. 6.94: கணக்கில் வந்தது, இன்னும் அடித்துப் பார்க்கவில்லை" என்று பிரித்துச் சொல்லும். கூடவே இன்னொரு வரி கட்டாயம். சோதனைக்காக எண்ணூர் முனையில் லேசரை அணைத்து, போர்ட்டில் `shutdown` கொடுத்திருந்தால் அதை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால், இரண்டு வெட்டையும் பகல் குழு ஒட்டிய பிறகும் இணைப்பு எழாது. `no shutdown` என்ற ஒரு கட்டளைக்காக மூன்றாவது வெட்டைத் தேடி அலைவார்கள்.

தோண்டுகிறவர்களுக்கும் இப்போது ஒரு வழி இருக்கிறது. 2023 மார்ச் 22-இல் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. தகவல் சொல்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று அப்போது அரசு சொன்னது. தோண்டப்போகும் இடத்தை அதில் பதிந்தால், கீழே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். உங்கள் தெருவில் ஜேசிபி வந்து நின்றால், பதிந்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.