ஒரே இணைப்பு, மூன்று குடித்தனம்: மின் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது?

சென்னையிலும் பிற நகரங்களிலும் தனி வீடாகக் கட்டப்பட்டு, பின்னர் மாடி எழுப்பி வாடகைக்கு விடப்பட்ட கட்டடங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு மின்வாரிய இணைப்பு ஒன்றுதான். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் உரிமையாளர் ஒரு சப் மீட்டர் பொருத்தியிருப்பார். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கட்டணம் வரும்போது அதைப் பிரிப்பது எளிய வகுத்தல் கணக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது அவ்வளவு எளிதன்று. தமிழகத்தில் வீட்டு மின் கட்டணம் படிநிலைக் கட்டணம் என்பதே காரணம். பயன்பாடு கூடக்கூட, கூடுதல் யூனிட்டின் விலையும் கூடுகிறது. மூன்று வீட்டாரின் பயன்பாடும் ஒரே கணக்கில் சேரும்போது, அனைவருமாகச் சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதங்களைக் கொள்வோம். பின்னர் அவை சற்று உயர்ந்துள்ளன. ஆயினும் அமைப்பு அதுவே, கணக்கிடவும் எளிது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6, 600 வரை ரூ.8, 800 வரை ரூ.9, 1,000 வரை ரூ.10. மொத்தம் 500-க்குள் அடங்கினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு ரூ.2.25 மட்டுமே.

நமது கட்டடத்தில் வாரியத்தின் மீட்டர் இரு மாதங்களுக்கு 1,000 யூனிட் காட்டுகிறது, கட்டணம் ரூ.6,550. சப் மீட்டர்களின்படி தரைத்தளத்தில் 180, முதல் மாடியில் 260, குளிர்சாதனக் கருவி உள்ள இரண்டாம் மாடியில் 460 யூனிட்டுகள், ஆக 900. எஞ்சிய 100 யூனிட் தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குகளுக்கும் உரியது.

வழக்கமான முறை சராசரி முறை. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட் ரூ.6.55. அதன்படி தரைத்தளத்தார் ரூ.1,179, முதல் மாடியார் ரூ.1,703, இரண்டாம் மாடியார் ரூ.3,013 தர வேண்டும். பொதுச் செலவு ரூ.655. கூட்டிப் பார்த்தால் 6,550 சரியாக வருகிறது. கணக்குச் சரி, நியாயம்தான் சரியில்லை.

தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் தரைத்தளத்தார் ரூ.180 மட்டுமே செலுத்தியிருப்பார். முதல் மாடிக்கு ரூ.495, இரண்டாம் மாடிக்கு ரூ.1,485 ஆகியிருக்கும். அதாவது, சராசரி முறையில் குறைவாகச் செலவழிப்பவர் தமக்குரியதைப் போல் ஆறரை மடங்கு தருகிறார். அதிகம் செலவழிப்பவரோ இரண்டு மடங்குதான் தருகிறார். பத்து ரூபாய்ப் படிக்குக் கட்டடத்தை இழுத்துச் சென்றதில் குளிர்சாதனக் கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் சுமையை மின்விசிறியோடு காலம் தள்ளுபவர் மீதும் யூனிட் கணக்கில் ஏற்றுவது, சிக்கனத்துக்குத் தண்டனை விதிப்பதாகும்.

இதற்குப் பொருளியலில் நெடுநாளாக அறியப்பட்ட மாற்றுவழி உண்டு. கூட்டுச் செலவை, ஒவ்வொருவரும் தனித்திருந்தால் என்ன செலுத்தியிருப்பாரோ அந்த விகிதத்தில் பங்கிடுவது. பொதுச் செலவு நீங்கலாக ரூ.5,895-ஐ 180 : 495 : 1,485 என்ற விகிதத்தில் பிரித்தால், முறையே ரூ.491, ரூ.1,351, ரூ.4,053 வருகின்றன. மூவருக்கும் சுமை ஒரே மடங்கில், ஏறத்தாழ 2.7 மடங்காகக் கூடுகிறது. இரண்டாம் மாடியார் முணுமுணுக்கலாம். மற்ற இருவரும் இல்லாவிட்டால் தமது கட்டணம் 1,485 தானே என்பது அவர் வாதமாக இருக்கும். ஆனால் அந்த வாதம் மூவருக்கும் பொருந்தும். இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. 100 யூனிட்டுக்குள் நிற்பவரின் தனிக் கட்டணம் சுழியம். எனவே அவர் பங்கும் சுழியமாகிவிடும். இலவச யூனிட் கட்டடத்துக்கே ஒருமுறைதான் கிடைக்கிறது என்பதால், பங்கிடும் கணக்கில் மட்டும் எல்லோருடைய முதல் 100 யூனிட்டுக்கும் ரூ.2.25 என்று வைத்துக்கொண்டால் இது தீரும்.

பொதுப் பயன்பாடு எனப்படும் அந்த 100 யூனிட்டையும் சற்று உற்றுநோக்க வேண்டும். அது அளக்கப்பட்டதன்று, கழித்துப் பெறப்பட்டது. எனவே எல்லாப் பிழைகளும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் ஏறத்தாழ 60 யூனிட். ஒன்பது வாட் விளக்குகள் இரண்டு இரவு முழுதும் எரிந்தால் 13 யூனிட். மீதி 27 யூனிட் எங்கே? பழைய சுழல்தட்டு மீட்டர்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பதிவதில்லை என்பது ஒரு காரணமாகலாம். மோட்டார் நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் ஓடுவது இன்னொன்று.

எஞ்சிய தொகை ஒருமுறை மிகக் கூடி, மறுமுறை மிகக் குறைந்தால், அளவு எடுக்கும் தேதிகள் பொருந்தவில்லை என்று பொருள். வாரியக் கணக்கீட்டாளர் வரும் அதே நாளில் சப் மீட்டர்களையும் படம் பிடித்து வைப்பது ஒன்றே இதற்கு மருந்து. மாறாக, ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் மோட்டாரையோ மின்கசிவையோ ஐயுற வேண்டும். சோதனை எளிது. மூன்று வீட்டு மெயின் சுவிட்சுகளையும், மோட்டாரையும், பொது விளக்குகளையும் அணைத்துவிட்டு வாரிய மீட்டரின் சிறு சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அது தொடர்ந்து கண்சிமிட்டினால், சப் மீட்டருக்கு முன்பாகவே எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. அதன்பின் மின்பணியாளரை அழைப்பதே முறை.

தண்ணீர்க் கணக்கு இங்கேதான் மின்சாரத்தோடு இணைகிறது. மோட்டாரின் 60 யூனிட்டுக்கான ரூ.393 உண்மையில் தண்ணீரின் விலை. அதைச் சமமாகப் பிரிக்காமல், லாரித் தண்ணீர்ச் செலவோடு சேர்த்துத் தண்ணீர் மீட்டர் அளவுப்படி பிரிப்பதே பொருத்தம். மூன்று வீடுகளும் 14, 18, 24 ஆயிரம் லிட்டர் பயன்படுத்தியிருந்தால், மோட்டார் செலவில் அவரவர் பங்கு ரூ.98, ரூ.126, ரூ.169. படிக்கட்டு விளக்கும் பிறவும் சேர்ந்த ரூ.262-ஐச் சமமாகப் பிரிக்கலாம். விளக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல்தான் எரிகிறது. தண்ணீர் மீட்டரை முழுதாக நம்பிவிடவும் கூடாது. சொட்டும் குழாயை அது பெரும்பாலும் பதிவதில்லை. மேல்தொட்டி காலியாகிக் குழாயில் காற்று புகுந்தாலோ, வராத தண்ணீரையும் வந்ததாகக் காட்டும். மீட்டரே இல்லாத இடத்தில் ஆள் எண்ணிக்கைப்படி பிரிப்பது குறைபாடுள்ளதாயினும் ஏற்கத்தக்கதே.

இவ்வளவும் உண்மையான கட்டணச் சீட்டு அனைவர் கண்ணிலும் படும்போது மட்டுமே பொருந்தும். பல உரிமையாளர்கள் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று பொதுவாக ஒரு விலை வைத்துவிடுகின்றனர். நமது கட்டடத்தில் அப்படிச் செய்தால் 900 யூனிட்டுக்கு ரூ.9,000 வசூலாகும், வாரியத்துக்குப் போவதோ ரூ.6,550. எஞ்சும் ரூ.2,450 வாடகையிலும் சேராது, பராமரிப்பிலும் சேராது. இணைப்பு எண்ணைக் கொண்டு கட்டணத்தை வாரியத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வாடகை ஒப்பந்தத்திலேயே அந்த எண்ணையும் பங்கிடும் முறையையும் எழுதிக் கேட்பது குடியிருப்பவரின் நியாயமான கோரிக்கை.

உரிமையாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கும் ஒன்றுண்டு. மூன்று தனி இணைப்புகளின் கட்டணம் சேர்ந்தே ரூ.2,160 தான். பொதுப் பயன்பாட்டுக்கு அந்தப் பட்டியலின்படி யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் ரூ.800 சேர்த்து, அதற்குரிய நிலைக் கட்டணத்தையும் கூட்டினாலும், ஒவ்வொரு முறையும் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு ஆறு கட்டணச் சுற்றுகள். புதிய இணைப்புகளுக்கான வைப்புத்தொகையையும் வயரிங் செலவையும் இந்த மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, சப் மீட்டர் போதும் என்ற முடிவுக்கு வர வேண்டும்.