140 விநாடி இசை, 40 விநாடி வீடியோ

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு 40 விநாடியில் ஒரு வீடியோ எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செக்கில் எள்ளைக் கொட்டுகிறார்கள், கருப்பட்டி போடுகிறார்கள், உலக்கை சுற்றுகிறது, எண்ணெய் வழிகிறது, பாட்டிலில் அடைக்கிறார்கள். கடைசி 5 விநாடி கடைப் பெயரும் போன் நம்பரும். இதற்குப் பின்னணியாகப் பிடித்துப்போன இசையோ 2 நிமிடம் 20 விநாடி ஓடுகிறது.

பலரும் செய்வது இதுதான்: இசையை முதலிலிருந்து வைத்து, 40-வது விநாடியில் வெட்டி, சத்தத்தை மெல்லக் குறைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்த மாதிரி, பாதி வாக்கியத்தில் இசை நின்றுபோகும். கடைப் பெயர் தெரிய வேண்டிய நேரத்தில் காதுக்கு ஒன்றும் இருக்காது. இதைச் சரியாகச் செய்ய இசை ஞானம் தேவையில்லை. நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் எண்ணத் தொடங்குமுன் அந்த இசை நமக்கு உரியதா என்று பார்த்துவிட வேண்டும்.

'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசமா?

இல்லை. ஒருமுறை உரிமம் பெற்றுவிட்டால், ஒவ்வொரு தடவை ஒலிக்கும்போதும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். அந்த உரிமம் சில இடங்களில் சும்மா கிடைக்கும், சில இடங்களில் காசுக்குக் கிடைக்கும். இரண்டிலும் காப்புரிமை இசையமைத்தவரிடமோ நிறுவனத்திடமோதான் இருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். CC0 என்றால் தடையில்லை. CC BY என்றால் இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்; வீடியோவின் கீழே உள்ள விளக்கத்தில் போட்டால் போதும். NC என்று சேர்ந்திருந்தால் வணிகத்துக்கு ஆகாது. வீடியோவிலிருந்து நேரடியாகக் காசு வராவிட்டாலும், எண்ணெய் விற்பதற்காக எடுத்த வீடியோ வணிகம்தான்.

அதிகம் பேர் தவறவிடுவது ND. 'மாற்றக் கூடாது' என்று அதற்குப் பொருள். நான் இசையை மாற்றவில்லையே, அப்படியே வைத்தேனே என்று தோன்றும். ஆனால் ஓடும் படத்தோடு இசையைப் பொருத்துவதையே மாற்றமாகத்தான் அந்த உரிமம் கணக்கில் எடுக்கிறது. ஆகவே ND என்று கண்டால் விலகிவிடுங்கள். SA இருந்தால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் விட வேண்டியிருக்கும். கடைக்காரர் அதற்குச் சம்மதிப்பது அரிது.

இன்னொரு மயக்கம் பழைய பாட்டு. தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவருடைய கீர்த்தனையை யாரும் பாடலாம், வாசிக்கலாம். ஆனால் ஒரு வித்வான் சில ஆண்டுகளுக்கு முன் வாசித்துப் பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு. நம் சட்டப்படி அது வெளியான பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். சினிமாப் பாட்டில் இது தலைகீழ்: நீங்களே கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்தாலும் மெட்டின் உரிமை உங்களுடையதாகாது.

முதன்முறை தேடுபவருக்கு யூடியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் Audio library எளிய இடம். அதில் Attribution not required என்று வடிகட்டினால் பெயர் போடும் வேலையும் மிச்சம். அதே வீடியோவை இன்ஸ்டாகிராமிலும் போடுவதாக இருந்தால், எடுத்த இசையின் உரிமம் அங்கும் செல்லுமா என்று முதலிலேயே படித்துவிடுங்கள்.

படத்தின் வேகத்தைக் கேளுங்கள்

தேடும் பெட்டியில் Indian என்று அடித்தால் சிதாரும் தபலாவும் வந்து நிற்கும். எண்ணெய்ச் செக்குக்கும் அவற்றுக்கும் ஒட்டாது. சரி, நம்மூர் வாத்தியம் என்று நாதஸ்வரத்தை வைத்தால், கடை வீடியோ கல்யாண வீடியோ ஆகிவிடும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நம் காதில் ஒரு சந்தர்ப்பம் பதிந்திருக்கிறது. அது படத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதனால் 'எந்த ஊர் இசை' என்று தேடாமல், படத்தில் நடக்கும் செயல்களை முதலில் எழுதிப் பாருங்கள். கொட்டுகிறது, சுற்றுகிறது, வழிகிறது, நிரம்புகிறது. எல்லாமே நிதானமான, விடாத அசைவுகள். ஒன்றுகூடத் துள்ளவில்லை. ஆக, இதற்கு நடை வேகத்தில் போகும், கம்பி வாத்தியமோ புல்லாங்குழலோ முன்னால் வரும் இசை பொருந்தும். இதே கடை தீபாவளித் தள்ளுபடிக்கு எடுக்கும் வீடியோ என்றால் கணக்கு வேறு.

மூன்று இசைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் முழுப் படத்தோடு ஓடவிடுங்கள். தனியாகக் கேட்டபோது மிகவும் பிடித்த இசை பெரும்பாலும் இங்கே தோற்கும். காரணம், அது தன்னையே கேட்கச் சொல்லும். படத்தைப் பார்க்க விடுகிற இசைதான் நமக்கு வேண்டும். யாராவது பேசும் வீடியோ என்றால், பாடல் வரி உள்ள இசையைத் தொடவே வேண்டாம். இரண்டு குரல்கள் ஒன்றையொன்று விழுங்கும்.

கடைசியாக, அதைப் போனின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். கனமான பாஸ் ஒலியைப் போன் ஸ்பீக்கர் தராது. தாளம் முழுக்க அந்தப் பாஸிலேயே இருந்தால், ஹெட்போனில் கம்பீரமாக இருந்த இசை போனில் எலும்புக்கூடாகிவிடும். வாடிக்கையாளர் பார்ப்பது போனில்தான்.

இசையை அளக்கும் கோல்

இந்த வகை இசையில் பெரும்பாலானவை நான்கு தட்டுக்கு ஒரு சுற்று என்று ஓடும். ஸ்டூடியோவில் அதை 'பார்' என்பார்கள். நான்கு பார் சேர்ந்தால் ஒரு வாக்கியம் முடிந்த உணர்வு வரும். துணியைக் கரையோடு ஒட்டிக் கிழிப்பதுபோல, இசையை பார் முடியும் இடத்தில் வெட்டினால்தான் பிசிறு தெரியாது.

ஒரு பார் எத்தனை விநாடி? நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது BPM என்ற பெயரில் பல நூலகங்களில் எழுதியிருக்கும். இல்லாவிட்டால், விரலால் தட்டி 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 240-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு பார் நீளம் வரும்.

நம் எண்ணெய்க் கடை இசையில் 15 விநாடிக்கு 24 தட்டு. ஆக 96. ஒரு பார் 2.5 விநாடி, நான்கு பார் கொண்ட ஒரு வாக்கியம் 10 விநாடி. 40 விநாடி வீடியோவுக்குச் சரியாக நான்கு வாக்கியம்.

கடைசியை முதலில் வையுங்கள்

இந்த இசையின் இறுதித் தட்டு 2 நிமிடம் 15-வது விநாடியில் விழுகிறது. பிறகு 5 விநாடி அது ரீங்கரித்து அடங்குகிறது. நம் வீடியோவில் கடைப் பெயர் தோன்றுவது 35-வது விநாடி. எடிட்டில் முதலில் இசையின் வால் பகுதியை எடுத்து, அந்த இறுதித் தட்டு கடைப் பெயரின்மேல் விழும்படி வைத்துவிடுங்கள். போன் நம்பர் நிற்கும் 5 விநாடிக்கு அந்த ரீங்காரம் போதும். இப்போது முடிவு தானாக வந்த முடிவு; வெட்டிய முடிவு இல்லை.

அடுத்து, இசையின் தொடக்கத்தை வீடியோவின் தொடக்கத்தில் வையுங்கள். கோப்பின் தலையில் சிறு மௌனம் இருப்பதுண்டு. அலை வடிவத்தைப் பெரிதாக்கி, முதல் தட்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் எல்லாமே கொஞ்சம் பிசகும்.

இனி இரண்டையும் நடுவில் இணைக்க வேண்டும். மொத்தம் 140 விநாடி, வேண்டியது 40. நீக்க வேண்டியது 100 விநாடி, அதாவது 40 பார். தொடக்கத்திலிருந்து 20 விநாடி, எட்டு பார், வைத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக 2-வது நிமிடத்துக்குத் தாவுங்கள். வெட்டும் இடமும் சேரும் இடமும் வாக்கியத்தின் தொடக்கமாக அமைந்துவிட்டன. இரண்டு துண்டும் ஓரிரு ஃபிரேம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று கலந்தால் போதும். அதிகம் கலந்தால் தட்டுகள் இரட்டையாகக் கேட்கும்.

கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைக் கேளுங்கள். தடுக்கி விழுவதுபோல் இருந்தால் வெட்டு பாரின் நடுவில் விழுந்திருக்கிறது. ஒரு தட்டு முன்பின் நகர்த்துங்கள். தாளம் சரியாக இருந்தும் உறுத்தினால், முன்பகுதியில் இல்லாத வாத்தியம் திடீரென்று நுழைந்திருக்கலாம், அல்லது சுருதி மாறியிருக்கலாம். அப்போது வெட்டும் இடம், சேரும் இடம் இரண்டையும் நான்கு பார் முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பாருங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் இணைப்பின்மேல் படத்தின் சொந்த ஒலி ஒன்றைப் போடுங்கள். 20-வது விநாடியில் பாட்டிலை மேசையில் வைக்கும் 'டக்' ஒலி இதற்காகவே வந்தது போலிருக்கும்.

இசையைத் தொட்ட பிறகு படத்தைச் சிறிது நகர்த்துங்கள். எல்லா ஷாட்டும் தட்டில் மாற வேண்டியதில்லை. மாறினால் பார்ப்பவருக்கு இயந்திரத்தனமாகிவிடும். மூன்று இடம் போதும். புல்லாங்குழல் நுழையும் 10-வது விநாடியில் முதல் எண்ணெய் வழியட்டும், 20-இல் பாட்டில், 35-இல் கடைப் பெயர். அரை விநாடி பிசகினால் ஷாட்டை வெட்டுங்கள், இசையை வெட்டாதீர்கள். வீடியோ 37 விநாடிதான் என்றால், இசையைக் குதறுவதைவிடச் செக்கு சுற்றுவதை 3 விநாடி கூட விடுவது எளிது.

சத்தமும் சான்றும்

கடை உரிமையாளர் இரண்டு வாக்கியம் பேசுகிறார் என்றால், அந்த நேரம் மட்டும் இசையைக் குரலைவிட ஏறத்தாழ 15 டெசிபல் கீழே இறக்குங்கள். பேச்சு தொடங்குமுன் அரை விநாடியில் இறங்கி, முடிந்தபின் மெல்ல ஏற வேண்டும். போன் சத்தத்தைப் பாதியாக வைத்துக் கேட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் அளவு சரி.

பதிவேற்றும் நாளில் இன்னொரு வேலை இருக்கிறது. இசைக் கோப்பு வைத்த அதே ஃபோல்டரில், உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், இறக்கிய தேதி, காசு கொடுத்திருந்தால் ரசீது ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். யூடியூபின் தானியங்கிச் சோதனை உரிமம் உள்ள இசைக்கும் சில நேரம் உரிமைக் கோரல் அனுப்பும். நீங்கள் மறுத்தால், கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அந்த மறுப்பில் எழுதுவதற்குத் தேவையானதெல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். கோரல் மாதங்கள் கழித்தும் வரலாம். அதற்குள் எடிட் செய்து கொடுத்த பையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பான். அதனால் ஒரு நகலைக் கடைக்காரரிடமும் கொடுத்துவிடுங்கள்.