இடக்குறி மட்டும் வந்தால் போதுமா?

அவசர வேளையில் பலர் முதல் செய்தியாக வரைபடத்தில் ஓர் இடக்குறியையோ, ஒருவரின் தொடர்பு அட்டையையோ மட்டும் அனுப்பிவிடுகின்றனர். இடக்குறி ‘எங்கே’ என்பதைக் காட்டும்; அட்டை ‘எந்த எண்’ என்பதைக் காட்டும். யாருக்கு, என்ன நேர்ந்தது, எப்போது என்பவற்றை இரண்டும் சொல்லா. பெறுபவர் அவற்றைக் கேட்டறிவதற்குள் சில நிமிடங்கள் கழிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காரைக்காலை அடுத்த நெடுங்காட்டில் எழுபது வயது முதியவர் ஒருவர் மருமகளுடன் வசிக்கிறார். மகன் சென்னையில் பணிபுரிகிறார். முதியவர் காலை 6 மணிக்கு வழக்கம்போல் பேசிக்கொண்டே தேநீர் அருந்தினார். பின்னர்ச் சற்றுப் படுத்தார். 8 மணிக்கு மருமகள் எழுப்பியபோது வாய் ஒருபுறம் கோணியிருந்தது. வலக்கையைத் தூக்க இயலவில்லை. இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மருமகள் கணவருக்குத் தெரிவிக்க, அவர் 8.20 மணிக்குக் காரைக்காலில் கார் வைத்திருக்கும் நண்பருக்கு ஓர் இடக்குறியை மட்டும் அனுப்புகிறார்.

இங்கே இரண்டு பிழைகள் நேரக்கூடும். முதலாவது இடம் பற்றியது. வாட்ஸ்அப்பில் “Send your current location” என்பதைத் தொட்டால், அனுப்புபவரின் கைப்பேசி இருக்கும் இடமே செல்லும். எனவே மகன் அனுப்பிய குறி சென்னையைக் காட்டும். குறியை அனுப்ப வேண்டியவர் நோயாளியின் அருகிலிருக்கும் மருமகளே. அவரும் வீட்டினுள்ளிருந்து அனுப்பினால், செயற்கைக்கோள் குறிகை நன்கு எட்டாமல் குறி சற்று விலகக்கூடும். அனுப்பும் திரையில் “Accurate to” என்ற சொற்களுக்குப் பின் எத்தனை மீட்டர் துல்லியம் என்று தெரியும். அந்த எண் பெரிதாயிருந்தால் வாசலுக்கு வந்து, அது குறைந்தபின் அனுப்புதல் நன்று. அரசலாற்றங்கரையில் குடியிருப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சிறிது விலகினாலும் குறி மறுகரையில் விழலாம், வண்டி பாலத்தைத் தேடிச் சுற்றி வர நேரிடும்.

இரண்டாவது பிழை நேரம் பற்றியது, இதுவே பெரிது. பக்கவாதத்துடன் வருபவரின் குடும்பத்தாரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, “கடைசியாக எப்போது நலமாக இருந்தார்?” என்பதே. மூளைக்குச் செல்லும் குழாயில் ஏற்பட்ட அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அந்நேரத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்பதை ஸ்கேன் மூலம் உறுதிசெய்தாக வேண்டும். இம்முதியவருக்குக் கணக்கு 6 மணியிலிருந்து தொடங்குகிறது. எனவே எல்லை 10.30 மணி. செய்தியில் பதிந்துள்ள 8.20 மணியையே நோய் தொடங்கிய நேரமாக ஒருவர் எண்ணினால், எல்லை 12.50 எனத் தவறாகக் கணக்கிடுவார். நேரம் கடந்திருந்தாலும் நோயாளியை அழைத்துவரத் தயங்கலாகாது; சிலருக்கு வேறு சிகிச்சை வழிகள் உண்டு. அவற்றை மருத்துவரே முடிவுசெய்வார்.

தொடர்பு அட்டையிலும் இதைப் போன்ற சிக்கல் உண்டு. அட்டையில் வரும் பெயர் அனுப்புபவரின் கைப்பேசியில் பதிந்துள்ள பெயரே. “அத்தான்” என்றோ “நெடுங்காடு வீடு” என்றோ வந்தால் பெறுபவருக்கு ஆள் விளங்காது. இரண்டு எண்கள் இருப்பின் எது இப்போது பயன்பாட்டில் உள்ளது என்பதும் தெரியாது. அறியாத எண்ணிலிருந்து அட்டை மட்டும் வந்தால், மோசடியோ என்று ஐயுற்றுத் திறவாமல் விடுவோரும் உளர்.

ஆதலால் முதலில் 108-ஐ அழைத்துப் பேசுங்கள். செய்தியை எவரும் உடனே பார்ப்பர் என்பதற்கு உறுதியில்லை. பேசும்போது ஊரின் பெயரோடு, அது காரைக்கால் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதையும், கொம்யூனின் பெயரையும் கூறுங்கள். மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்த பகுதியாதலின் இது குழப்பத்தைத் தவிர்க்கும். உதவிக்கு வருவோருக்கு அதன்பின் செய்தி அனுப்பலாம். மருமகள் இவ்வாறு எழுதியிருக்கலாம்:

“மாமனாருக்கு வயது 70. வாய் கோணி, வலக்கை செயலிழந்துள்ளது. காலை 6 மணிக்கு நலமாக இருந்தார். நெடுங்காடு, காரைக்கால் மாவட்டம். தெரு குறுகியது, வண்டி கோயில் முனையில் நிற்கட்டும், நான் அங்கு நிற்பேன். என்னை இந்த எண்ணிலேயே அழைக்கவும்.”

இதற்கு ஒரு நிமிடம் போதும். இதனை அடுத்து அனுப்பப்படும் இடக்குறி, வருபவருக்கு உண்மையிலேயே வழிகாட்டும்.