மூன்று சீட்டு, ஒரு டப்பா

சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், முட்டிவலிக்கு இன்னொருவர் என்று மூன்று சீட்டு வைத்திருக்கும் 74 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கும் வேளைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா வந்ததும், பிள்ளைகள் உடனே அதை நிரப்ப உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் வேண்டியது பட்டியல்.

அதில் கம்பெனிப் பெயரோடு, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் எழுத வேண்டும். அப்போதுதான் ஒன்று தெரியவரும்: இதய டாக்டர் எழுதியது பான்டோபிரசோல், முட்டிவலி டாக்டர் எழுதியது ராபிபிரசோல். இரண்டுமே வயிற்று அமிலத்தைக் குறைப்பவை. வெளிப்பெயர் வேறு என்பதால் அம்மா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். வீட்டிலேயே ஒன்றை நிறுத்திவிடாமல், இரண்டு சீட்டையும் டாக்டரிடம் காட்டி எது போதும் என்று கேட்பதே சரி.

அடுத்து வேளை. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். கால்சியம் அதோடு சேர்ந்தால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதனால் கால்சியம் மதிய அறைக்குப் போகிறது. மெட்பார்மின் காலையும் இரவும் சாப்பாட்டோடு. வாரம் ஒருமுறை மட்டும் போடும் வைட்டமின் டி ஞாயிறு அறையில் மட்டும். இதைத் தினமும் போட்டுவிடுவது ஆபத்தான தவறு. வலி வந்தால் மட்டும் போடும் மாத்திரை டப்பாவுக்குள் வரவே கூடாது.

தைராய்டு மாத்திரைக்கு ஈரம் ஆகாது. அது குப்பியிலேயே இருக்கட்டும். பட்டியலில் 'குப்பி' என்று குறித்தால் போதும். அட்டையை வெட்டி அப்படியே அறையில் போடுவதும் வேண்டாம். பார்வை மங்கியவர்கள் உறையோடு விழுங்கிவிட்டால் அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழிக்கலாம்.

கடைசிக் கட்டம், எது எப்போது தீரும் என்ற தேதி. மாத்திரை அட்டை ஒன்றில் 10 இருக்கும், இன்னொன்றில் 15 இருக்கும். எல்லாம் ஒரே நாளில் தீராது. ஜூன் 1 காலை, டப்பாவில் இருப்பதையும் சேர்த்து எண்ணினால் மெட்பார்மின் 34. நாளைக்கு இரண்டு என்றால் 17 நாள். கடைசி மாத்திரை ஜூன் 17 இரவு. ஒரு வாரம் முன்னதாக, ஜூன் 10 என்று 'வாங்கும் தேதி' கட்டத்தில் எழுத வேண்டும். பிரஷர் மாத்திரை தினம் ஒன்று, கையில் 41. அது ஜூலை 11 வரை வரும். அதற்கு ஜூலை 4. டாக்டர் மருந்தின் அளவை மாற்றினால் அன்றே மறுபடி எண்ணிக் கணக்குப் போட வேண்டும்.

ஞாயிறன்று நிரப்பும்போது, புதன் இரவு அறையில் மாத்திரை கிடந்தால் அந்த வேளை தவறியிருக்கிறது. ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பட்டியலில் குறித்து வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் சீட்டுகளோடு இந்தப் பட்டியலையும் மேசைமேல் வையுங்கள்.