கழுத்துக்கு பைப்பிங் வைக்கும் வீடியோ எங்கே?

என் அண்ணி பிளவுஸ் தைக்கக் கற்றுக்கொண்டது யூடியூபில். ஒரு மதியம், முன்பாகத்துக்கு டாட் பிடித்துத் தோள் இணைக்கும் பாடத்தைப் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார். பாடம் சொல்லித் தருகிற அம்மா, "கழுத்துக்கு பைப்பிங் எப்படி வைக்கிறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம், நன்றி, வணக்கம்" என்று முடித்தார். அடுத்துத் திரையில் ஓடியது ஒரு பட்டுப்புடவைக் கடையின் புதுவரவு. அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் தேடினார். பைப்பிங் வீடியோ அதே சேனலில்தான் இருந்தது. ஏற்றி ஒன்பது மாதமாகியிருந்ததால், பிறகு வந்த வீடியோக்களுக்கு அடியில் போய்விட்டது. பிளவுஸுக்கென்று அந்தச் சேனலில் ஒரு பிளேலிஸ்டுகூட இருந்தது. அது இருப்பதே அண்ணிக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஏன் தெரியவில்லை என்பதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. பிளேலிஸ்ட் போட்டுவிட்டால் வீடியோக்கள் தானாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் என்று சேனல் நடத்துகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் பார்ப்பவர் அந்த பிளேலிஸ்டின் வாசல் வழியாக உள்ளே வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்து வருகிறவரும், முகப்பில் தட்டுப்பட்டதைத் தொட்டு வருகிறவரும் தனி வீடியோவுக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு அடுத்து எதைக் காட்டுவது என்பதை யூடியூப் தன் கணக்கில் முடிவு செய்கிறது. புடவைக் கடை அப்படி வந்ததுதான்.

இந்த வித்தியாசத்தை வீடியோவின் முகவரியிலேயே பார்க்கலாம்.

```
https://www.youtube.com/watch?v=VIDEO_ID
https://www.youtube.com/watch?v=VIDEO_ID&list=PLAYLIST_ID
```

இரண்டும் ஒரே வீடியோவைத்தான் திறக்கும். முதலாவதில் அது தனியாக நிற்கும். இரண்டாவதில் பாடவரிசை முழுவதும் கூடவே திறந்து, இந்தப் பாடம் முடிந்ததும் வரிசையில் அடுத்தது ஓடும். பிளேலிஸ்ட் என்பது `list=` என்ற அந்தச் சிறு துண்டுக்குள் அடங்கியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும், வீடியோவின் விவரக் குறிப்பில் போடும்போதும், கமென்ட்டில் பின் செய்து வைக்கும்போதும் இந்த இரண்டாவது வகை முகவரியைக் கொடுக்கிறவர்கள் மிகக் குறைவு. செலவே இல்லாத வேலை இது. முதலில் செய்ய வேண்டியதும் இதுதான் என்பேன்.

அதற்கு முன்னால் பிளேலிஸ்ட் சரியாக இருக்க வேண்டும். அந்தத் தையல் சேனலையே எடுத்துக்கொள்வோம். "பிளவுஸ்" என்ற ஒரே பட்டியலில் நாற்பது வீடியோ. அளவெடுப்பது, பஃப் கை, பழைய பிளவுஸைப் பெரிதாக்குவது, ஊசி உடைந்தால் மாற்றுவது எல்லாம் ஒரே குவியல். ஒரு பட்டியலில் ஐயாயிரம் வீடியோ வரை போட யூடியூப் இடம் தருகிறது என்பதால் குவிப்பதற்குத் தடையும் இல்லை.

குவியலைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: இந்த வீடியோவைப் பார்த்து முடித்தவர் இன்னொன்றைப் பார்க்காமல் வேலையை முடிக்க முடியுமா? பஃப் கை தைப்பதைத் தனியாகப் பார்க்கலாம், பழைய பிளவுஸைப் பிரிப்பதையும் அப்படியே. அவை ஒரு பொருளைப் பற்றிய தொகுப்பு, எந்த வரிசையில் இருந்தாலும் பழுதில்லை. தோள் இணைத்தவர் கழுத்து முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. அது தொடர். அந்த நாற்பதில் முதல் பிளவுஸ் தைக்க வேண்டியது ஏழு பாடம்தான்: அளவெடுப்பது, பேப்பரில் வரைவது, துணியும் லைனிங்கும் வெட்டுவது, டாட் பிடித்துத் தோள் இணைப்பது, கழுத்துக்கு பைப்பிங், கை வைப்பது, பக்கத் தையலும் ஹூக்கும். இந்த ஏழும் தனிப் பட்டியலாக வந்துவிட வேண்டும். பட்டியலின் பெயரும் "பிளவுஸ்" என்று மொட்டையாக இல்லாமல், "முதல் பிளவுஸ்: அளவிலிருந்து ஹூக் வரை" என்பதுபோல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டும். ஏழு என்ற எண் கண்ணில் படும்போது, முடித்துவிடலாம் என்ற துணிவும் கற்பவருக்கு வருகிறது.

வரிசையில் ஒரு பொறி உண்டு. புதியது மேலே வருகிற மாதிரி பட்டியல் அமைந்திருந்தால், அடுத்த பாடம் என்று ஓடுவது முந்தைய பாடமாக இருக்கும். கை வைத்து முடித்தவருக்கு மறுபடி கழுத்து வரும். செய்திச் சேனலுக்குப் புதியது மேலே இருப்பது சரி, தொடருக்கு ஆகாது. வரிசையை `Manual` என்று வைத்துக் கையால் அடுக்கி, புதிதாகச் சேர்ப்பது மேலே போகிறதா கீழே போகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சொந்தக் கணக்கில் பார்த்தால் இந்தப் பிழை பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பும். வீட்டில் வேறு யாருடைய போனிலாவது முதல் பாடத்தைத் திறந்து, கடைசிவரை நகர்த்தி, அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். ஏழு பாடத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது.

பட்டியலின் அமைப்புகளில் `Set as official series for this playlist` என்று ஒன்று இருக்கிறது. இந்த வீடியோக்கள் சேர்ந்து பார்க்க வேண்டியவை என்று யூடியூபுக்குச் சொல்லி வைப்பது அது. உங்கள் சொந்த வீடியோக்களை மட்டுமே அதில் வைக்கலாம். ஒரு வீடியோ ஒரு தொடரில்தான் இருக்க முடியும். அதனால் எல்லாத் தொடருக்கும் பொதுவான "அளவெடுப்பது" பாடம் எந்தத் தொடரைச் சேர்ந்தது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். இந்தக் குறியீட்டை வைத்துத் தனியாக வந்தவருக்கும் அடுத்த பாடத்தை யூடியூப் பரிந்துரைக்கலாம். கட்டாயம் செய்யும் என்று வாக்குக் கிடையாது. ஆகவே அதைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

உண்மையில் ஆளைக் கைபிடித்து அழைத்துப்போவது வீடியோவின் கடைசி இருபது நொடி. முடிவுத் திரை என்கிற `End screen`-ஐ அங்கேதான் வைக்க முடியும்: குறைந்தது 5 நொடி, அதிகம் 20 நொடி. வீடியோ 25 நொடிக்குக் குறைவாக இருந்தால் வைக்கவே முடியாது. அதில் அடுத்த வீடியோவாக எதைக் காட்டுவது என்று கேட்கும்போது, மிகச் சமீபத்தில் ஏற்றியதைக் காட்டு என்றோ, பார்ப்பவருக்குப் பொருத்தமானதை நீயே காட்டு என்றோ விட்டுவிடுவது பலரின் வழக்கம். தொடருக்கு இரண்டும் தப்பு. நான்காம் பாடத்தின் முடிவில் ஐந்தாம் பாடத்தைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். ஐந்தாம் பாடம் ஒன்பது மாதம் கழித்து வந்தாலும், அது வந்த அன்றே நான்காம் பாடத்தைத் திறந்து இணைப்பைச் சேர்க்கலாம். வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. அந்தச் சேனலில் விட்டுப்போனது இதுதான்.

அந்த இருபது நொடியில் என்ன பேசுகிறோம் என்பதும் முக்கியம். "நன்றி, வணக்கம்" என்ற சொல் காதில் விழுந்ததும் ஜனம் எழுந்துவிடும். பார்வையாளர் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று காட்டும் வரைகோடு அந்த இடத்தில் செங்குத்தாக விழுவதை எந்தச் சேனலின் கணக்கிலும் காணலாம். விடைபெற்ற பிறகு முடிவுத் திரை வந்தால், காலியான கொட்டகையில் விளம்பர சிலைடு போட்ட கதைதான். அதனால் வேலையின் நடுவிலேயே கைமாற்ற வேண்டும். தோள் இணைத்த துணியைக் கையில் தூக்கிக் காட்டி, "இப்போ கழுத்து ஓரம் பாருங்க, பிசிறா இருக்கு. இதை இப்படியே விட்டா இழுபடும். இதுக்கு பைப்பிங் வைக்கிறது இந்த வீடியோவுல இருக்கு" என்று இணைப்பு வரப்போகும் பக்கம் கையை நீட்டினால் போதும். அந்தப் பக்கம் படத்தில் வெற்றிடம் விட்டுப் படம் பிடிக்க வேண்டும். முகத்தின் மீது கட்டம் வந்து உட்கார்ந்தால் பார்க்கவும் நன்றாக இருக்காது, தொடவும் தோன்றாது.

தலைப்பைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "பிளவுஸ் கிளாஸ் பகுதி 5" என்று தலைப்பு வைத்தால் முதல் நான்கைப் பார்க்காதவர் தொடமாட்டார். தேடி வருகிறவர் "பகுதி 5" என்று தேடுவதும் இல்லை. "கழுத்து சுருங்காமல் பைப்பிங் வைப்பது" என்று முதலில் எழுதிவிட்டு, "முதல் பிளவுஸ் 5" என்று கடைசியில் சேர்த்தால், புதிதாக வருகிறவருக்கும் இடமுண்டு, தொடர்ந்து வருகிறவருக்கும் வரிசை தெரியும். முகப்புப் படத்தில் ஒரே நிறப் பட்டையும் எண்ணும் இருந்தால், பரிந்துரைகளின் நடுவே தன் தொடரை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மொத்தப் பார்வைகளை வைத்துப் பார்த்தால் தெரியாது. ஏழு பாடத்தையும் வரிசையாக எழுதி, ஒரே மாதத்தின் பார்வைகளை எதிரே குறித்துக்கொள்ள வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 1000, 700, 620, 560, 190, 170, 160. முதல் பாடத்திலிருந்து இரண்டாவதுக்குள் 300 பேர் குறைவது இயல்பு. எட்டிப் பார்க்க வந்தவர்கள் போகத்தான் செய்வார்கள். அதன்பின் சிறிது சிறிதாகக் குறைகிறது. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது மூன்றில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். பள்ளம் அங்கே இருக்கிறது.

பள்ளத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலில் இணைப்பைப் பாருங்கள். ஐந்தாம் பாடம் தெரியாத்தனமாக `Private` ஆகியிருக்கலாம், முடிவுத் திரை வேறு வீடியோவைக் காட்டலாம், பட்டியலில் இடம் மாறியிருக்கலாம். யூடியூப் ஸ்டூடியோவில் முடிவுத் திரையை எத்தனை சதவீதம் பேர் தொட்டார்கள் என்ற எண் கிடைக்கும். மற்றப் பாடங்களில் ஓரளவு இருந்து நான்காவதில் மட்டும் சரிந்திருந்தால் பழுது அந்த இணைப்பில்தான். ஐந்தாம் பாடத்துக்கு ஆட்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதையும் பாருங்கள். தேடல் மட்டுமே இருந்து, பிளேலிஸ்டும் முடிவுத் திரையும் ஏறக்குறைய இல்லையென்றால் அதே முடிவுக்குத்தான் வருவீர்கள்.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் பள்ளம் இருந்தால், பாடத்தில் கோளாறு. நான்காவதில் "கோட்டின் மேலே தைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோட்டை மூன்றாம் பாடத்தில் போடச் சொல்ல மறந்திருக்கலாம். பைப்பிங்குக்குத் துணியைக் குறுக்காக வெட்டி வைக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லாமல் ஐந்தாவதின் தொடக்கத்தில் சொன்னால், வீட்டில் துணி தயாராக இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். துணி வெட்டும் மூன்றாம் பாடத்திலேயே அந்தப் பட்டையையும் வெட்டி வைக்கச் சொன்னால் தீர்ந்தது. ஏற்றிவிட்ட வீடியோவில் அதைச் சேர்க்க முடியாதே என்பீர்கள். பின் செய்த கமென்ட்டில் எழுதலாம், விவரக் குறிப்பின் முதல் வரியிலும் எழுதலாம். மறுபடி எடுக்க முடிந்தால் அது இன்னும் நல்லது.

குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் முடிவுத் திரையும் நடுவில் வரும் கார்டும் கிடையாது. பாட்டு, கதைச் சேனல் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பயன்படாது. அவர்கள் பட்டியலின் வரிசையையும், சேனல் முகப்பில் அந்தப் பட்டியலை மேலே வைப்பதையும், வாயால் சொல்வதையும்தான் நம்ப வேண்டும்.

ஏழாம் பாடம் முடியும்போது என்ன காட்டுவது என்ற கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹூக் வைத்து முடித்த பிளவுஸ் கையில் இருக்கிறது. மறுபடி முதல் பாடத்தைக் காட்டுவதில் பொருளில்லை. போட்டுப் பார்த்தால் கைக்குழியில் இழுக்கும், அல்லது தோள் இறங்கும். முதல் பிளவுஸில் அது நடக்காதவர் அரிது. அண்ணிக்கும் தோள் இறங்கியது. ஏழாவதின் முடிவில் வர வேண்டியது "தோள் இறங்கினால் எப்படிச் சரிசெய்வது" என்ற வீடியோ.